ஒரு ஆஃபருக்குச் சரி சொன்ன பிறகு இன்னொன்றில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ரிக்ரூட்டரிடம் எப்படிச் சொல்வது?

தூக்கணாங்குருவி · செவ்வாய், இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

ஆறு வருஷமா டேட்டா அனலிஸ்டா இருக்கேன். ஒரு கன்சல்டன்சி மூலமா ஒரு கம்பெனியில நாலு ரவுண்டு முடிச்சு, பத்து நாள் முன்னாடி ஆஃபர் லெட்டர் வந்தது. கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டேன், இப்ப இருக்கிற வேலையையும் ராஜினாமா பண்ணிட்டேன். அங்க சேர இன்னும் மூணு வாரம் இருக்கு. இதை 'முதல் கம்பெனி'ன்னு வச்சுக்குவோம்.

அதுக்கும் முன்னாடியே இன்னொரு இடத்துல இன்டர்வியூ முடிச்சிருந்தேன். மாசக்கணக்கா சத்தமே இல்ல, கதை முடிஞ்சதுன்னு விட்டுட்டேன். போன வெள்ளிக்கிழமை திடீர்னு அவங்க ஆஃபர் வந்தது. சம்பளம் 18 சதவீதம் கூட. அதைவிட முக்கியம், அது விற்பனை முன்கணிப்பு டீம். நான் ரெண்டு வருஷமா போக ஏங்கின வேலை. நேத்து அதுலயும் கையெழுத்துப் போட்டாச்சு.

இப்ப முதல் கம்பெனியை விட கன்சல்டன்சி ரிக்ரூட்டர் முகம்தான் கண்ணு முன்னாடி வருது. ஒவ்வொரு ரவுண்டுக்கு முன்னாடியும் அரை மணி நேரம் போன்ல உட்கார்ந்து என்னைத் தயார் பண்ணினாங்க. அவங்க பேசித்தான் சம்பளமே ஏறிச்சு. அவங்களை இழக்க மனசில்ல.

இப்படி ஒரு மெயில் எழுதி வச்சிருக்கேன்:

> மதிப்பிற்குரிய மேடம், மிகுந்த மனவருத்தத்துடன் இதை எழுதுகிறேன். தவிர்க்க முடியாத சில தனிப்பட்ட காரணங்களால் என்னால் இந்தப் பணியில் சேர இயலாத சூழ்நிலை ஏற்பட்டுள்ளது. தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு மனப்பூர்வமாக மன்னிப்புக் கோருகிறேன். எதிர்காலத்தில் வாய்ப்பிருந்தால் என்னைக் கருத்தில் கொள்ளுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இது போதுமா? எந்த கம்பெனிக்குப் போறேன்னு சொல்லணுமா?

---

நேர்கோடு · செவ்வாய், இரவு 10:05

ராஜினாமா கடிதத்துல இவ்வளவு மன்னிப்பு எதுக்குங்க? காரணமே எழுத வேண்டாம். கடைசி வேலை நாள் எதுன்னு மட்டும் எழுதுங்க. எங்க ஆபீஸ்ல ஒருத்தர் ரெண்டு பக்கம் எழுதினார், மேனேஜர் அதை வச்சே அவரை இன்னும் ஒரு மாசம் இழுத்தடிச்சார்.

---

தூக்கணாங்குருவி · செவ்வாய், இரவு 10:12

இல்லீங்க, இப்ப இருக்கிற வேலை விஷயம் முடிஞ்சது. சேரவே சேராத கம்பெனிக்கு வரலன்னு சொல்லணும், அதான் சிக்கல்.

---

கடைசிபெஞ்ச் · செவ்வாய், இரவு 10:31

ரெண்டே விஷயம். ஒண்ணு, மெயில் போதும். போன் பண்ணினா பேசியே கவுத்துடுவாங்க. ரெண்டு, இப்பவே சொல்லாதீங்க. ரெண்டாவது கம்பெனியில போய் உட்கார்ந்து, அடையாள அட்டை கழுத்துல தொங்கின அப்புறம் முதல் கம்பெனிக்கு மெயிலைத் தட்டுங்க. அதுவரைக்கும் அவங்க நம்ம கையில இருக்கிற ஸ்பேர் டயர். கம்பெனிக்காரன் மட்டும் நமக்கு ஆஃபர் குடுத்துட்டு கேன்சல் பண்றதில்லையா?

---

வலைவீசி · புதன், காலை 6:50

இந்த வேலையில பதினஞ்சு வருஷம் ஆச்சு எனக்கு. முதல் எட்டு வருஷம் கன்சல்டன்சி, இப்ப ஒரு கம்பெனிக்குள்ளேயே ஆள் எடுக்கிறேன். நீங்க மெயில் அனுப்பப் போறவங்க இடத்துல நான் நிறைய தடவை உட்கார்ந்திருக்கேன்.

கடைசிபெஞ்ச் சொன்னதுல பாதி சரி. ரெண்டாவது ஆஃபர் நிச்சயம் ஆகாம முதலை விடக்கூடாது, அது உண்மை. ஆனா சேர்ற நாள் வரைக்கும் வாயைத் திறக்காம இருக்கிறதுதான் எங்களை அடியோட கவுக்குற காரியம். ஏன்னு சொல்றேன்.

ஒரு இடத்துக்கு ஆள் முடிவானதும் ரெண்டாவதா வந்தவருக்கு நாங்க உடனே 'இல்லை' சொல்ல மாட்டோம். 'இன்னும் பார்த்துட்டிருக்காங்க'ன்னு மெதுவா கையில வச்சிருப்போம். முதல் ஆள் கையெழுத்துப் போட்ட பிறகும் சில நாள் அப்படித்தான் போகும். உங்களுக்கு ஆஃபர் வந்து பத்து நாள்தான் ஆகுது, அந்த ரெண்டாவது ஆள் பெரும்பாலும் இன்னும் இருப்பார். இந்த வாரம் சொன்னா உங்க ரிக்ரூட்டர் கம்பெனிகிட்ட, 'இவங்க வரல, ஆனா அவர் தயாரா இருக்கார்'னு ஒரே மூச்சில சொல்லலாம். சேர்ற நாள் அன்னைக்குச் சொன்னா அவர் வேற எங்கயோ போயிருப்பார். நாலு ரவுண்டும் மறுபடி முதல்லேர்ந்து.

கன்சல்டன்சிக்குக் கிடைக்கிற கட்டணம் பொதுவா உங்க முதல் வருஷச் சம்பளத்துல ஒரு பங்கு. அதுவும் நீங்க சேர்ந்த பிறகுதான். ஆக, நீங்க வரலன்னா அவங்க இத்தனை நாள் பார்த்த வேலைக்குச் சம்பளம் இல்ல. இதை மன்னிப்பால ஈடு கட்ட முடியாது, நேரத்தால ஓரளவு முடியும்.

அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. ரெண்டாவது ஆஃபர் லெட்டர்ல 'பின்னணிச் சரிபார்ப்புக்கு உட்பட்டது'ன்னு ஏதாவது வரி இருக்கா? பாருங்க.

---

தூக்கணாங்குருவி · புதன், காலை 8:15

அக்கா, பார்த்தேன். இருக்கு. கடைசி மூணு முதலாளிகள்கிட்டயும் கேட்பாங்களாம். அதுல என் முதல் கம்பெனி (இது வேற, வேலைக்குச் சேர்ந்த புதுசுல இருந்த இடம்) மூடியே போச்சு. போனை எடுக்க ஆளில்ல. நைட்டு தூக்கம் வரல இப்ப.

---

கடைசிபெஞ்ச் · புதன், காலை 8:22

சொன்னேன்ல. காத்திருங்க. ராஜினாமா வேற பண்ணிட்டீங்க. அது போச்சுன்னா ரெண்டும் இல்லாம நடுத்தெருவுல.

---

வலைவீசி · புதன், மதியம் 1:10

இந்த இடத்துல கடைசிபெஞ்ச் பயப்படறது நியாயம்தான். ஆனா எதுக்காகக் காத்திருக்கோம்னு தெரியாம காத்திருந்தா பிரயோஜனமில்ல.

சரிபார்ப்புல ஆட்கள் விழறது பெரும்பாலும் ரெண்டு இடத்துல. விண்ணப்பத்துல எழுதின தேதியும் சான்றிதழ்ல இருக்கிற தேதியும் ஒத்துப்போகாம இருக்கிறது ஒண்ணு. படிப்போ பதவியோ ஏத்திச் சொல்லியிருக்கிறது இன்னொண்ணு. கம்பெனி மூடினது உங்க தப்பில்ல, சரிபார்க்கிறவங்களுக்கு இது புதுசும் இல்ல. அனுபவச் சான்றிதழ், சம்பளச் சீட்டு, அந்தச் சம்பளம் வரவான பேங்க் ஸ்டேட்மென்ட் இருந்தா அதை வச்சே முடிச்சுடுவாங்க. ஆனா நீங்களா அனுப்பலன்னா, அவங்க போன் அடிச்சு அடிச்சுப் பார்த்து ஒரு வாரம் கழிச்சுத்தான் உங்ககிட்ட வருவாங்க. நாள் அங்கதான் வீணாகுது.

அதனால இன்னைக்கே ரெண்டாவது கம்பெனி ஹெச்ஆருக்கு எழுதுங்க: அந்த நிறுவனம் இப்ப இயங்கல, ஆவணங்கள் இத்தோட இருக்கு, இது போதுமா, சரிபார்ப்பு எப்ப முடியும்? ரெண்டே கேள்வி. 'போதும்'னு எழுத்துல பதில் வந்தா உங்க பெரிய பயம் தீர்ந்தது. முழு சரிபார்ப்பும் முடியாட்டியும் அப்ப நீங்க முதல் கம்பெனிகிட்ட சொல்லிடலாம்னுதான் எனக்குத் தோணுது. இழுத்தாங்கன்னா சரிபார்ப்பு முடியிற வரைக்கும் பொறுங்க, உங்க பிழைப்பு அது. எந்த ரிக்ரூட்டருக்கும் அதுக்காக உங்களைத் திட்ட உரிமை இல்ல.

---

மொட்டைமாடி · புதன், இரவு 9:03

என் கதையைச் சொல்றேன், யாருக்காவது உதவும். ஏழு வருஷம் முன்னாடி இதே நிலைமை. நான் என்ன பண்ணினேன்? எதுவுமே பண்ணல. ரிக்ரூட்டர் போன் பண்ணினா எடுக்கல. சேர வேண்டிய நாள் காலையில பத்தரை மணி வரைக்கும் அடிச்சுக்கிட்டே இருந்தது. போனைத் தலையணைக்கு அடியில வச்சுட்டு உட்கார்ந்திருந்தேன்.

மூணு வருஷம் கழிச்சு ரொம்ப ஆசைப்பட்ட ஒரு கம்பெனி. வீடியோ கால் திறந்தா அதே அம்மா. ஹெச்ஆர் ஹெட். 'நாம ஏற்கெனவே பேசியிருக்கோம்ல'ன்னு சிரிச்சாங்க. அவ்வளவுதான், வேற எதுவும் சொல்லல. கேள்வியெல்லாம் நல்லாத்தான் போச்சு. அப்புறம் பதிலே வரல. அவங்களும் போனை எடுக்கல போல.

---

கடைசிபெஞ்ச் · புதன், இரவு 9:20

அது அவங்க பழிவாங்கினதுன்னு எப்படித் தெரியும்? நீங்க இன்டர்வியூல சொதப்பியிருக்கலாம்.

---

மொட்டைமாடி · புதன், இரவு 9:26

இருக்கலாம். அது தெரியாமலே இருக்கிறதுதான் இம்சை.

---

வலைவீசி · புதன், இரவு 10:15

பழிவாங்கவெல்லாம் தேவையே இல்ல. ஆள் எடுக்கிற மென்பொருள்ல ஒவ்வொரு விண்ணப்பதாரருக்கும் ஒரு பக்கம் இருக்கும். ஆஃபரை மறுத்தா காரணம் ஒண்ணைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும்: சம்பளம், வேலையின் தன்மை, இடம், இப்படி. பக்கத்துலயே குறிப்பு எழுத ஒரு கட்டம். 'வேறு ஆஃபர், முன்கூட்டியே போன் செய்து சொன்னார்'னு இருந்தா அடுத்த வருஷம் புதுசா வர்றவங்ககூட தயங்காம கூப்பிடுவாங்க. 'தொடர்பில் இல்லை, சேரவில்லை'ன்னு இருந்தா அதைப் படிச்சதும் அடுத்த பெயருக்குப் போயிடுவாங்க. யாருக்கும் கோபம் இருக்க வேண்டியதில்ல.

---

மேசைக்கு_அந்தப்பக்கம் · வியாழன், காலை 7:30

நான் டீம் மேனேஜர். ஆளை இழக்கிற பக்கம். எனக்கு எரிச்சலூட்டறது மறுப்பு இல்ல, பொய். 'தனிப்பட்ட காரணம்'னு மெயில் வரும். அந்தப் பிள்ளைக்கு என்ன கஷ்டமோன்னு பாவப்பட்டு, 'பரவாயில்ல, சேர்ற தேதியைத் தள்ளி வைக்கலாமா'ன்னு ஹெச்ஆரைக் கெஞ்சிக் கேட்பேன். மூணு வாரத்துல லிங்க்ட்இன்ல புது கம்பெனி, புதுப் பதவி, கைகூப்பின படம். என்னை முட்டாளாக்கின மாதிரி இருக்கும். வேற வேலை கிடைச்சிருக்குன்னு நேரா சொன்னா ஒரு நாள் வருத்தம், அவ்வளவுதான்.

கம்பெனி பேரையும் சொல்லுங்க. எப்படியும் தெரியத்தானே போகுது?

---

வலைவீசி · வியாழன், காலை 9:00

காரணம் விஷயத்துல முழுசா ஒத்துக்கிறேன். பேர் விஷயத்துல இல்ல. சேர்ந்த பிறகு தெரிஞ்சா தெரியட்டும். சேர்றதுக்கு முன்னாடி சொன்னா, சில இடத்துல 'அங்க எனக்கு ஒருத்தரைத் தெரியும், விசாரிக்கிறேன்'னு கிளம்புவாங்க. கெட்ட எண்ணத்துல இல்ல, ஆனா உங்க பேர் தேவையில்லாத காதுக்குப் போகும். 'சேர்ந்ததும் நானே சொல்றேன்'னு சிரிச்சுக்கிட்டே சொன்னா போதும்.

---

மேசைக்கு_அந்தப்பக்கம் · வியாழன், காலை 9:11

சேர்றதுக்கு முன்னாடி மறைக்கிறதே நம்பலன்னு சொல்ற மாதிரிதான். நான் மாற மாட்டேன் இதுல.

---

தூக்கணாங்குருவி · வியாழன், மதியம் 12:45

ரெண்டாவது கம்பெனி ஹெச்ஆர் பதில் போட்டாங்க. சம்பளச் சீட்டும் பேங்க் ஸ்டேட்மென்டும் போதுமாம். மத்த ரெண்டு இடத்துலயும் சரிபார்ப்பு முடிஞ்சிருச்சாம்! நாளைக்குச் சொல்லிடறேன். யாருக்கு முதல்ல? கம்பெனி மேனேஜர் நம்பரும் இருக்கு. அவருக்கே நேரா போடலாமா?

---

வலைவீசி · வியாழன், மதியம் 2:20

வேண்டாம். கன்சல்டன்சி வழியா வந்தா முதல் போன் ரிக்ரூட்டருக்குத்தான். அவங்க வாடிக்கையாளர் கம்பெனி அது. செய்தி கம்பெனியிலிருந்து அவங்களுக்குத் திரும்பி வந்தா, 'உங்க ஆளு வரலையாமே, உங்களுக்கே தெரியாதா'ன்னு கேட்பாங்க. அந்த அவமானம்தான் உறவை முறிக்கும். அவங்ககிட்ட பேசிட்டு, 'மேனேஜருக்கு ரெண்டு வரி நன்றி எழுதலாமா'ன்னு கேட்டுட்டு எழுதுங்க.

காலையில கூப்பிடுங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேண்டாம், ரெண்டாவது ஆளைப் பிடிக்க அவங்களுக்கு ஒரு வேலை நாள் கையில இருக்கணும். போன் எடுக்கலன்னா 'ஆஃபர் விஷயமா இன்னைக்கே பேசணும்'னு மெசேஜ் போடுங்க, வரலன்னு மெசேஜ்ல சொல்லாதீங்க. முதல் வாக்கியத்துலயே விஷயம் வரணும். சுத்தி வளைச்சா அவங்க சம்பளம் கூடக் கேட்கிறீங்கன்னு நினைச்சு பேரம் ஆரம்பிச்சுடுவாங்க. அதேபோல 'யோசிச்சிட்டிருக்கேன்', 'கஷ்டமா இருக்கு' இந்த வார்த்தையெல்லாம் கதவைத் திறந்து வைக்கிற வார்த்தை. 'கையெழுத்துப் போட்டுட்டேன்'னு சொல்லுங்க, அது பூட்டு.

போனை வச்சதும் ஒரு மணி நேரத்துக்குள்ள மெயில். உங்க மெயில்ல மூணு குறை. காரணம் உண்மையில்ல. மன்னிப்பு ரொம்ப ஜாஸ்தி. 'இயலாத சூழ்நிலை'ங்கிறது மறுப்பா, தள்ளிவைப்பான்னே தெரியல. அவங்க அதை அப்படியே கம்பெனிக்கு ஃபார்வர்டு பண்ணணும், அதுக்கு ஏத்த மாதிரி இருக்கட்டும்:

> வணக்கம் மேடம். காலையில் போனில் சொன்னதை எழுத்தில் உறுதி செய்கிறேன். நான் ஏற்றுக்கொண்ட அனலிஸ்ட் பணியிலிருந்து விலகிக்கொள்கிறேன். முன்கணிப்புத் துறையில் ஒரு பணி கிடைத்தது, அதை ஏற்றுக் கையெழுத்திட்டுவிட்டேன். நான் சரி சொன்ன பிறகு இது உங்களுக்கு எவ்வளவு வேலை வைக்கும் என்று தெரியும், அதற்காக வருந்துகிறேன். ஒவ்வொரு ரவுண்டுக்கு முன்பும் நீங்கள் ஒதுக்கிய நேரத்தை மறக்க மாட்டேன். கம்பெனி அனுப்பிய ஆவணம், கணக்கு எதையாவது நான் திருப்பித் தர வேண்டுமென்றால் சொல்லுங்கள், உடனே செய்கிறேன்.

---

நேர்கோடு · வியாழன், மாலை 4:00

இப்பத்தான் முழுசா படிச்சேன். முதல்ல தப்பா புரிஞ்சுக்கிட்டேன், மன்னிக்கணும். சேர்றதுக்கு முன்னாடியே பணம் ஏதாவது குடுத்தாங்களா? ஜாயினிங் போனஸ், வீடு மாத்துற செலவு மாதிரி? என் தம்பிக்கு அப்படி ஒரு சிக்கல் வந்தது.

---

தூக்கணாங்குருவி · வெள்ளி, மதியம் 1:30

பேசிட்டேன்! பணம் எதுவும் வாங்கல, நல்லவேளை.

காலை 9:35-க்கு கூப்பிட்டேன். 'மேடம், ஒரு கெட்ட செய்தி, முதல்லயே சொல்லிடறேன். வேற ஒரு ஆஃபர்ல கையெழுத்துப் போட்டுட்டேன், இதுல சேர முடியாது.' அந்தப் பக்கம் சத்தமே இல்ல. அந்த அமைதியில வாய் துறுதுறுன்னு வந்தது, ஏதாவது பேசி நிரப்பணும்னு. அடக்கிக்கிட்டேன்.

அப்புறம் எவ்வளவு கூடன்னு கேட்டாங்க. 'கூடத்தான், ஆனா காரணம் அந்த டீம்'னு சொன்னேன். 'கம்பெனிகிட்ட பேசி அதே தொகை வாங்கித் தந்தா வருவியா'ன்னு கேட்டாங்க. 'வேண்டாம் மேடம், நீங்க கேட்டு அவங்க குடுத்து அப்புறமும் நான் வரலன்னா உங்களுக்குத்தான் இன்னும் மோசம்'னேன். அதுக்கப்புறம்தான் அவங்க குரல் இறங்கிச்சு. 'இன்னைக்கே சொன்னதுக்கு தேங்க்ஸ், இன்னொருத்தர் கையில இருக்கார்'னாங்க. வலைவீசி அக்கா சொன்ன அதே வார்த்தை! கம்பெனி பேரைக் கேட்டாங்க, சேர்ந்ததும் சொல்றேன்னேன். கொஞ்சம் சலிப்பாத்தான் 'சரி'ன்னாங்க. மொத்தம் ஏழு நிமிஷம்.

என் பழைய சகா ஒருத்தி வேலை தேடறா. அவகிட்ட கேட்டுட்டு அவ விவரம் அனுப்பட்டுமான்னு கேட்டேன், அனுப்பச் சொன்னாங்க.

---

மேசைக்கு_அந்தப்பக்கம் · வெள்ளி, மதியம் 1:52

அந்த சலிப்பு பேரைச் சொல்லாததுக்குத்தான். பதிவு பண்ணிக்கிறேன்.

---

தூக்கணாங்குருவி · சனி, காலை 11:20

இன்னொரு திருப்பம். கன்சல்டன்சியோட மேலாளர் மெயில் போட்டிருக்கார்: 'கையெழுத்திட்ட பிறகு விலகுவது ஒப்பந்த மீறல், மறுபரிசீலனை செய்யவும்.' ரிக்ரூட்டர் மேடம் அதுல இல்ல. வயித்தைக் கலக்குது.

---

கடைசிபெஞ்ச் · சனி, காலை 11:24

பதில் போடாதீங்க. மிரட்டல்.

---

வலைவீசி · சனி, மதியம் 12:40

பதில் போடுங்க, ஆனா முதல்ல லெட்டரை வரி வரியா படிங்க. சேர்றதுக்கு முன்னாடி விலகினா என்னன்னு ஏதாவது போட்டிருக்கா? முன்னறிவிப்பு, இழப்பீடு மாதிரி? சில லெட்டர்ல நோட்டீஸ் விதி சேர்ந்த நாளிலிருந்துதான் தொடங்கும், சிலதுல கையெழுத்துப் போட்ட நாள்லயிருந்து. அது ஊருக்கு ஊர் சட்டமும் வேற, அதனால நான் இங்க உட்கார்ந்து 'ஒண்ணும் ஆகாது'ன்னு சொல்ல மாட்டேன். தொகை ஏதாவது எழுதியிருந்தா தெரிஞ்ச வக்கீல் ஒருத்தர்கிட்ட அரை மணி நேரம் காட்டுங்க.

---

தூக்கணாங்குருவி · சனி, மாலை 5:10

படிச்சுட்டேன். நோட்டீஸ் 'பணியில் சேர்ந்த நாள் முதல்'னுதான் இருக்கு. சேராததுக்கு எந்தத் தொகையும் போடல. 'என் முடிவு மாறவில்லை, வெள்ளிக்கிழமை மெயிலில் எழுதியதே இறுதி, திருப்பித் தர வேண்டியது ஏதேனும் இருந்தால் தெரிவிக்கவும்'னு மட்டும் எழுதினேன். ரிக்ரூட்டர் மேடமே அப்புறம் தனியா மெசேஜ் போட்டாங்க: 'அது எல்லாருக்கும் போற டெம்ப்ளேட், கண்டுக்காதே.'

---

தூக்கணாங்குருவி · திங்கள், காலை 10:05

இப்ப வாசல்ல கூரியர்காரர் நிக்கிறார். முதல் கம்பெனி லேப்டாப் வந்திருக்கு! வெள்ளிக்கிழமையே அனுப்பிட்டாங்க போல. வாங்கணுமா, வேண்டாமா? சீக்கிரம் சொல்லுங்க.

---

வலைவீசி · திங்கள், காலை 10:07

வாங்காதீங்க. 'பெறுநர் மறுத்தார்'னு எழுதித் திருப்பி அனுப்பச் சொல்லுங்க. பெட்டியில ஒட்டியிருக்கிற சீட்டை மட்டும் படம் எடுத்து, கண்காணிப்பு எண்ணோட ரிக்ரூட்டருக்கு உடனே அனுப்புங்க.

---

தூக்கணாங்குருவி · திங்கள், காலை 10:09

அய்யோ, அம்மா கையெழுத்துப் போட்டு வாங்கிட்டாங்க.

---

வலைவீசி · திங்கள், காலை 10:11

பரவாயில்ல. பெட்டியைப் பிரிக்காதீங்க. படம் எடுங்க, திருப்பி எடுத்துக்க ஆள் அனுப்பச் சொல்லி ரிக்ரூட்டருக்கும் கம்பெனி ஹெச்ஆருக்கும் ஒரே மெயில் போடுங்க. திருப்பிக் குடுக்கிறப்ப ரசீது வாங்கி வச்சுக்கோங்க.